டான்ஸரா, லோட் செல்லா: ஸ்பீட் டிரிம் வைண்டரில் எதை நம்புவது?

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும், இந்தப் பக்கம் மணலி, மாதவரம் என்று பிலிம் ஓட்டும் சின்ன ஷெட்டுகளில் பழைய டி.சி. மோட்டாரைக் கழற்றிவிட்டு ஏ.சி. மோட்டாரும் டிரைவும் போடும் வேலை வந்தால், பிலிமை ரோலாகச் சுற்றும் வைண்டர் பக்கம் போனதும் ஒரு கேள்வி வரும். டென்ஷனுக்கு டான்ஸர் போடலாமா, லோட் செல் போடலாமா? டான்ஸர் என்பது காற்று சிலிண்டர் தள்ளும் கையில் நகரும் ரோலர்; லோட் செல் என்பது ரோலரில் விழும் இழுவையை அளக்கும் சென்சர். ஷெட் ஓனர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, லோட் செல்லே போடு. எத்தனை கிலோ இழுக்குதுன்னு ஸ்கிரீன்ல நம்பர் தெரியணும்." நம்பர் தெரிவது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நம்பரை வைத்து மோட்டார் வேகத்தைத் திருத்தப் போகிறோம் என்றால் கதை வேறு.

இந்த ஷெட்டுகளில் டிரைவ் பெரும்பாலும் ஸ்பீட் மோடில்தான் ஓடும். மோட்டாரின் முறுக்குவிசையையே கட்டுப்படுத்தும் டார்க் மோடில் சுற்ற வேண்டுமென்றால் மோட்டாருக்கு என்கோடர் வேண்டும், கியர்பாக்ஸ் உராய்வையும் ரோலின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; அதற்குக் காசும் பொறுமையும் போதாது. அதனால் லைன் ஸ்பீடை ரோல் விட்டத்தால் வகுத்து மோட்டாருக்கு ஒரு வேகம் கொடுப்போம். அதன் மேல் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்யும் திருத்தம்தான் டிரிம். அந்த டிரிம்மை முடிவு செய்வது டான்ஸர் கையின் நிலையா, லோட் செல் காட்டும் இழுவையா என்பதுதான் இங்கே போட்டி.

ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். பால் பாக்கெட் வகை பாலிஎத்திலீன் பிலிம், 50 மைக்ரான், 1 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 120 மீட்டர், அதாவது நொடிக்கு 2 மீட்டர். டென்ஷன் 60 நியூட்டன், சுமார் 6 கிலோ இழுவை. வெளிவிட்டம் 92 மி.மீ. உள்ள கோரில் ஆரம்பித்து 600 மி.மீ. வரை சுற்றுகிறோம். கோரில் ரோல் நிமிடத்துக்கு 415 சுற்று சுற்றும். முழு ரோலில் 64 சுற்றுக்கு இறங்கிவிடும்.

இப்போது விட்டக் கணக்கில் ஒரு சின்னப் பிசகு. ரோல் 300 மி.மீ. என்று பி.எல்.சி. நினைக்கிறது, உண்மையில் 303 இருக்கிறது. 3 மி.மீ. யாருக்கும் கண்ணில் படாது. ஆனால் பிலிம் 1 சதவீதம் வேகமாக இழுக்கப்படும்.

டான்ஸர் இருந்தால் என்ன ஆகும்? 2 மீட்டரில் 1 சதவீதம் என்பது நொடிக்கு 20 மி.மீ. பிலிம். டான்ஸர் ரோலரைச் சுற்றி பிலிம் இரண்டு மடிப்பாகப் போவதால் ரோலர் நொடிக்கு 10 மி.மீ. நகரும். நடுவிலிருந்து இரு பக்கமும் 100 மி.மீ. இடம் விட்டிருந்தால், கை போய் முட்ட 10 நொடி ஆகும். அந்தப் பத்து நொடியும் டென்ஷன் 60-ஐ ஒட்டியேதான் இருக்கும், ஏனென்றால் அதைத் தருவது சிலிண்டரில் இருக்கும் காற்று, மோட்டார் அல்ல. டிரிம்முக்கு சாவகாசமாகத் திருத்த நேரம் கிடைக்கிறது.

லோட் செல்லில் அப்படி ஒரு மெத்தை கிடையாது. அந்த 1 சதவீதம் நேராக பிலிமின் நீட்சியாகிவிடும். இந்தப் பிலிமின் விறைப்பைத் தோராயமாக 200 மெகாபாஸ்கல் என்று வைத்தால், 1 சதவீத நீட்சிக்கு 100 நியூட்டன் கூடுதல் இழுவை. வைண்டருக்கு முன்னால் 1.5 மீட்டர் பிலிம் தொங்கினால், அந்தக் கூடுதலில் மூன்றில் இரண்டு பங்கு முக்கால் நொடியில் வந்து சேர்ந்துவிடும். பிசகு எதிர்ப்பக்கம் இருந்தால் சுமார் 0.7 நொடியில் டென்ஷன் சுழியாகி பிலிம் தளர்ந்து தொங்கும். ஒரே பிழைக்கு ஒருவருக்கு 10 நொடி அவகாசம், இன்னொருவருக்கு ஒரு நொடிகூட இல்லை. என் கணக்கில் மற்ற எல்லா வித்தியாசமும் இதற்கு அப்புறம்தான்.

பிலிம் விறைப்பாக இருந்தால் இன்னும் மோசம். 12 மைக்ரான் பாலியஸ்டர், அதே அகலம். விறைப்பு 4,000 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். அதற்கு 0.1 சதவீத வேகப் பிசகே 48 நியூட்டனாகிவிடும். சாதாரண டிரைவ் அந்த அளவுக்கு வேகத்தைப் பிடித்து வைக்கும் என்று நம்பி லோட் செல் டிரிம் போடுவது வீண் தலைவலி. பாலியஸ்டர், பேப்பர், பாயில் ஓட்டும் மெஷினில் லோட் செல் கட்டாயம் வேண்டும் என்றால் டார்க் மோடுக்குப் போவதுதான் வழி.

டியூனிங்கிலும் இரண்டும் எதிரெதிர். டான்ஸரில் வேக வித்தியாசம் தானாகவே கூடிக்கூடி நிலை மாற்றமாகிறது. அதாவது பி.ஐ.டி.யில் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் 'ஐ' போல ஒன்று அந்த மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் நாமும் பி.ஐ.டி.யில் ஐ-யைத் தாராளமாக வைத்தால் கை மேலும் கீழும் சில நொடிக்கு ஒரு தடவை சாவகாசமாக ஆடிக்கொண்டே இருக்கும். எனவே ஐ-யைச் சுழியில் வைத்துவிட்டு, பி-யைக் கை நடுங்கத் தொடங்கும் வரை ஏற்றி, பாதியாகக் குறைக்கவும். தேவைப்பட்டால் கொஞ்சம் டி. கடைசியாக, கை நடுவுக்குத் திரும்பும் அளவுக்கு மட்டும் மெதுவான ஐ. லோட் செல்லில் தலைகீழ்: வேலையைச் செய்வது ஐ, பி மிகக் குறைவாக இருக்க வேண்டும். டான்ஸர் மெஷினின் புரோகிராமை அப்படியே காப்பி செய்து, சென்சரை மட்டும் மாற்றிவிட்டு, "லோட் செல் சரியில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. பாவம், லோட் செல் என்ன செய்யும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பொறி இருக்கிறது. டிரிம்மை எந்த இடத்தில் கூட்டுகிறோம் என்பது.

```
rpm = (line_speed + trim) * gear_ratio / (PI * diameter)
```

இப்படி, விட்டத்தால் வகுப்பதற்கு முன்பே கூட்ட வேண்டும். வகுத்த பிறகு ஆர்.பி.எம்.மில் கூட்டினால், அதே டிரிம் முழு ரோலில் கோரில் இருப்பதைவிட ஆறரை மடங்கு அதிகமாக பிலிமை இழுக்கும். அறிகுறி சுலபம்: கோரில் அமைதியாக ஓடுகிற மெஷின் ரோல் பெரிதாகப் பெரிதாக ஆட ஆரம்பிக்கும். புரோகிராமைச் சரிசெய்த பிறகும் பெரிய ரோலில் ஆடினால், ரோலின் எடைக்கு டிரைவின் வேகக் கட்டுப்பாடு ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம். அதை டிரைவில் பார்க்க வேண்டும்.

டிரிம்மை ஸ்கிரீனில் காட்டி வைப்பது பெரிய உதவி. ஒழுங்காக ஓடும் வைண்டரில் அது சுழியை ஒட்டியே இருக்கும். கூட்டல் 6 சதவீதத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், மெஷின் டென்ஷனைச் சமாளிக்கவில்லை, விட்டக் கணக்கின் தப்பை மறைத்துக்கொண்டிருக்கிறது.

டான்ஸரை இவ்வளவு தூக்கிப் பேசிவிட்டேன், அதன் குறையையும் சொல்ல வேண்டும். டான்ஸர் கை நடுவில் அசையாமல் நிற்பதைப் பார்த்து டென்ஷன் சரியாக இருக்கிறது என்று ஆபரேட்டர் நினைத்துக்கொள்வார். கை நடுவில் நின்றால் வேகம் பொருந்துகிறது, அவ்வளவே. டென்ஷன் என்பது காற்றழுத்தம், அதிலும் சிலிண்டர் சீலின் உராய்வு போக மீதி. நம் மெஷினில் 32 மி.மீ. சிலிண்டர், கையின் பாதி நீளத்தில் பொருத்தியிருக்கிறது. 3 பார் கொடுத்தால் சிலிண்டரில் 240 நியூட்டன், ரோலரில் 120, பிலிமில் 60. இதைச் சோதிக்க பிலிமைக் கழற்றிவிட்டு, கை எடை சமனாக இருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரைச் சுழியிலிருந்து மெல்லத் திறக்க வேண்டும். கை எந்த அழுத்தத்தில் நகர்கிறது? 0.3 பாரில்தான் நகர்ந்தது என்றால், பிலிமில் இரு பக்கமும் 6 நியூட்டன் வரை தடுமாற்றம் இருக்கிறது. 60-க்கு அது பரவாயில்லை. மெல்லிய பிலிமுக்கு 20 நியூட்டனில் ஓட்டினால் 30 சதவீதம். ரோல் ஒரு இடத்தில் கல், ஒரு இடத்தில் பஞ்சு. உராய்வு குறைந்த சிலிண்டர் போடுவதுதான் இதற்கு மருந்து.

எண்ணூர்ப் பக்கம் இந்தச் சோதனையை மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை திரும்பச் செய்வது நல்லது. உப்புக் காற்றில் சிலிண்டர் ராடு துருப் பிடிக்கும். கம்ப்ரஸர் தண்ணீரை யாரும் வடிக்காவிட்டால் அது ரெகுலேட்டர் வரை வந்துவிடும்.

லோட் செல்லுக்கும் இதே மாதிரி ஒரு பலவீனம் உண்டு, ஆனால் அதைக் கடையில் வாங்கும்போதே உருவாக்கிக்கொள்கிறோம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ரோலரின் இரு பக்கமும் 1,000 நியூட்டன் செல் வைத்தால் மொத்தக் கொள்ளளவு 2,000. பிலிம் ரோலரை முழுதாகச் சுற்றித் திரும்பினால் அதில் விழுவது வெறும் 120. சூட்டில் சுழிப்புள்ளி முழு அளவில் அரை சதவீதம் நகர்ந்தால் 10 நியூட்டன் பிழை, டென்ஷன் கணக்கில் 5. துருப் பிடித்த சிலிண்டரின் உராய்வுக்குச் சமமாக வந்துவிட்டது! 8 கிலோ ரோலர் எடையையும் சேர்த்து மொத்தம் 200 நியூட்டன்தான் வரும், ஆகவே பக்கத்துக்கு 250 போதும். அளவு சரிபார்க்க, பிலிம் போகும் அதே வழியில் ரோலரின் நடுவாக ஒரு கயிற்றைக் கோத்து, ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையில் 6 கிலோ தொங்கவிட வேண்டும். ஸ்கிரீன் 59-ஐக் காட்ட வேண்டும். ரோலரின் மேல் எடையை வைத்துப் பார்ப்பது சரியான சோதனை அல்ல, பிலிம் சுற்றும் கோணம் அதில் வராது.

லோட் செல் சுலபமாக ஜெயிக்கிற இடம் டேப்பர். ரோல் பெரிதாகும்போது 60-லிருந்து 42-க்கு இறக்க வேண்டும் என்றால் லோட் செல்லில் செட்பாயின்ட்டை மாற்றினால் போதும். டான்ஸரில் கையால் திருகும் ரெகுலேட்டர் இருந்தால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இழுவைதான். ரோலின் வெளிச்சுற்று உள்சுற்றை நெருக்கி, ஓரத்தில் தொலைநோக்கி மாதிரி பிதுங்கும். அதைத் தவிர்க்க பி.எல்.சி. சொல்கிறபடி அழுத்தம் மாற்றும் எலக்ட்ரிக் ரெகுலேட்டர் வாங்க வேண்டும்.

நம் பாலிஎத்திலீன் மெஷினுக்கு நான் சொல்வது இதுதான்: டிரிம் டான்ஸரிடம் இருக்கட்டும், எலக்ட்ரிக் ரெகுலேட்டர் ஒன்று சேர்க்கலாம். ஓனருக்கு நம்பர் வேண்டுமென்றால் டான்ஸருக்கும் வைண்டருக்கும் நடுவே உள்ள ரோலரில் லோட் செல் வைத்து, வெறும் காட்சிக்கு விடலாம். கொஞ்சம் பழகிய பிறகு அந்த நம்பரைக் கொண்டு டான்ஸரின் காற்றழுத்தத்தை மெதுவாக, நொடிக்கணக்கில் திருத்த விடலாம். சிலிண்டர் உராய்வும் அதில் சராசரியாகச் சரியாகிவிடும். டான்ஸர் கைக்கு இடமே இல்லாத மெஷின், பிலிம் நன்றாக நீளும் ரகம், லைனும் சீரான வேகத்தில் ஓடும் என்றால் மட்டும் லோட் செல்லிடம் டிரிம்மைக் கொடுக்கலாம். அப்போதும் டிரிம்மின் எல்லையை 2, 3 சதவீதத்துக்குள் கட்டி வைக்க வேண்டும். பிலிம் அறுந்த நொடியில் லோட் செல் சுழியைக் காட்டும், ஐ அதை 'டென்ஷன் போதவில்லை' என்று எடுத்துக்கொண்டு வைண்டரை விரட்டும்.