ஒன்றரை மீட்டர் இறக்கையில் மாதம் 300 யூனிட் என்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

உடுமலைப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டுக்கு, ‘1 கிலோவாட் வீட்டுக் காற்றாலை’ என்ற பெயரில் ஓர் இயந்திரத்தை 1,80,000 ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். மாதம் 300 யூனிட்டுக்குக் குறையாது என்று விற்பனையாளர் வாய்மொழியாக உறுதி கூறினார். இன்றுவரை எந்த மாதத்திலும் அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இதே இயந்திரத்தை இப்போது பல்லடம், தாராபுரம் பக்கமும் விற்று வருவதாக அறிகிறேன். பணம் கொடுப்பதற்கு முன் எவரும் தாமே போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு இது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

விளம்பரத் தாளின் முன்பக்கத்தில் 1 கிலோவாட் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது; அந்த அளவு நொடிக்கு 12 மீட்டர் வேகக் காற்றில்தான் கிடைக்கும் என்பது பின்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகம். எங்கள் தோட்டத்தில், இயந்திரம் நிற்கும் உயரத்தில், ஆண்டுச் சராசரி நொடிக்கு 4 மீட்டர் அளவுதான். மூன்றில் ஒரு பங்கு காற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாவது வரும் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். உண்மையில் வருவது இருபத்தேழில் ஒரு பங்கு. வேகம் கூடும்போது ஒவ்வொரு கிலோ காற்றிலும் உள்ள ஆற்றல் வேகத்தின் இருமடிப் படியில் கூடுகிறது. அதோடு, ஒரு நொடியில் இறக்கையைக் கடக்கும் காற்றின் அளவும் வேகத்துக்கு நேராகக் கூடுகிறது. இரண்டும் பெருகி மும்மடி ஆகிறது.

```
P = 0.5 × 1.2 × A × V³ × Cp
A = 0.785 × D²
```

இதில் 1.2 என்பது ஒரு கன மீட்டர் காற்றின் எடை, கிலோவில். P என்பது கிடைக்கும் மின்சாரம், வாட்டில். D என்பது இறக்கை சுழலும் வட்டத்தின் விட்டம், A என்பது அந்த வட்டத்தின் பரப்பு, V என்பது நொடிக்கு மீட்டரில் காற்றின் வேகம், Cp என்பது காற்றிலுள்ள ஆற்றலில் இயந்திரம் பிடிக்கும் பங்கு. எங்கள் இயந்திரத்தின் விட்டம் 1.5 மீட்டர், பரப்பு 1.77 சதுர மீட்டர். நொடிக்கு 4 மீட்டர் காற்றில் அந்த வட்டத்தைக் கடந்துபோகும் மொத்த ஆற்றலே 68 வாட்தான்.

அதையும் முழுதாக எடுக்க முடியாது. காற்றின் ஆற்றல் முழுவதையும் உறிஞ்சுவதென்றால் இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுவிட வேண்டும். நின்றுவிட்டால் அடுத்து வரும் காற்றுக்கு வழியில்லை, அது இறக்கையைச் சுற்றிக்கொண்டு விலகிப் போய்விடும். காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்படி எடுத்தால்தான் அதிகபட்சம் கிடைக்கும் என்றும், அந்த அதிகபட்சம் 16/27, அதாவது 59.3 விழுக்காடு என்றும் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். காந்தத்தை மாற்றினாலும் இறக்கையின் வடிவத்தை மாற்றினாலும் திறந்தவெளியில் சுழலும் இறக்கையால் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. நல்ல சிறிய காற்றாலைகள் சுமார் 30 விழுக்காடு எடுக்கும். 68 வாட்டில் 30 விழுக்காடு 20 வாட். ஓர் எல்இடி குழல்விளக்குக்கு அது சரியாகப் போகும்.

பேட்டரிக்குப் போகும் கம்பியில் கிளாம்ப் மீட்டரையும், கம்பத்தில் காற்று வேகமானியையும் வைத்துப் பார்த்தோம். 4 மீட்டர் காற்றில் 25.5 வோல்ட்டில் 0.8 ஆம்பியர், அதாவது 20 வாட். 8 மீட்டர் காற்று வந்தபோது 6.2 ஆம்பியர், ஏறத்தாழ 158 வாட். வேகம் இரட்டித்தபோது மின்சாரம் எட்டு மடங்கானது. இயந்திரத்தில் கோளாறு ஏதுமில்லை, 1.5 மீட்டர் இறக்கை என்ன தருமோ அதைத்தான் தருகிறது. விற்றவர் சொன்ன சொல்தான் பொய்.

இதைக் காட்டியபோது, காற்று எப்போதும் 4 மீட்டரிலேயே வீசுவதில்லை, வேகமாக வீசும் நேரம் ஈடுகட்டிவிடும் என்று அவர் வாதிட்டார். அதில் ஓரளவு உண்மை உண்டு. மும்மடிக் கணக்கு என்பதால், சில மணி நேரப் பலத்த காற்று பல மணி நேர மெல்லிய காற்றைவிட அதிகம் தரும். வழக்கமான காற்று ஏற்ற இறக்கத்துக்கு, சராசரி வேகத்தில் போட்ட கணக்கை 1.9 ஆல் பெருக்கலாம். பெருக்கினாலும் 20 வாட் 38 வாட்தான் ஆகிறது. 30 நாளுக்கு 27 யூனிட். பெட்ஸ் எல்லையைத் தொடும் குறையே இல்லாத இயந்திரம் என்று வைத்துக்கொண்டாலும் 55 யூனிட்டைத் தாண்டாது. 300 யூனிட் என்பது இந்த இறக்கைக்கு, எங்கள் காற்றில், இயற்கையிலேயே இல்லாத அளவு.

4 மீட்டர் காற்றில் உண்மையாகவே 1 கிலோவாட் வேண்டுமென்றால் இறக்கையின் விட்டம் ஏறத்தாழ 10.5 மீட்டர் இருக்க வேண்டும். ஆகவே விற்க வருபவரிடம் கிலோவாட்டைக் கேட்காதீர்கள். விட்டத்தைக் கேளுங்கள், அந்தக் கிலோவாட் எந்தக் காற்று வேகத்துக்கு என்று கேளுங்கள், உங்கள் இடத்தின் சராசரி வேகத்தில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு அதை எழுதித் தர மறுத்தார்கள், பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்கள். விளம்பரத் தாள், ரசீது, அளவீடுகள் ஆகியவற்றை இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.