ஆண்டா, சீசனா, ஆடுகளமா? எங்கள் கிளப்பின் பொன்விழா மலருக்குக் காலவரிசை அமைத்த கதை

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். 1975-ல் தொடங்கிய கிரிக்கெட் கிளப்புக்கு ஐம்பது வருஷம் நிறைந்ததும் மலர் போடுவது என்று முடிவானது. மொத்தம் 64 பக்கம். வாழ்த்துரை, விளம்பரம் எல்லாம் போக, வரலாற்றுக்கு 16 பக்கம் கிடைத்தது. கையில் இருந்தவை 31 ஸ்கோர் நோட்டுகள், இரண்டு மினிட்ஸ் நோட்டுகள், ஒரு பிஸ்கட் டின் நிறைய போட்டோ, ஒரு கட்டு நோட்டீஸ், அப்புறம் பெரியவர்களின் ஞாபகம்.

இவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் குழுவுக்குள் நான்கு கட்சி. காலண்டர் ஆண்டு, சீசன், ஆடுகளத்தின் காலகட்டங்கள், கேப்டன்கள் என்று ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். நான்கையும் இரண்டிரண்டு பக்கம் மாதிரி அடித்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தோம். வேறு கிளப்காரர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

காலண்டர் ஆண்டு

முதலில் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். 1975, 1976 என்று எண் போட்டு எதிரே நடந்ததை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. படிப்பவரும் தன் பிறந்த வருஷம், கல்யாண வருஷம் என்று தேடிப் போய்ப் படிப்பார். எங்கள் முதல் ஐந்து வருஷங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. அப்போது எங்களுக்கு மைதானம் கிடையாது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஆட்டம் தொடங்கும். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்து குறுவைக்கு உழவு ஓட்டினால் ஆட்டம் முடியும். ஒரு வருஷத்து ஆட்டம் முழுக்க அந்த ஆங்கில வருஷத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

1979-ல் லீக்கில் சேர்ந்ததும் இது உடைந்தது. லீக்கும் சுற்றுவட்டாரக் கோப்பை ஆட்டங்களும் ஆடியில் தொடங்கும், ஐப்பசி மழைக்கு நின்றுவிடும், பொங்கலுக்குப் பிறகு மிச்சத்தை ஆடி முடிப்போம். ஆண்டு வாரியாகப் போட்டால் ஒரே கோப்பையின் முதல் சுற்று ஒரு பக்கத்திலும் ஃபைனல் அடுத்த பக்கத்திலும் விழும். நடுவில் போன லீக்கின் கடைசி ஆட்டம் வேறு வந்து உட்கார்ந்துகொள்ளும். படிப்பவருக்கு எது எதோடு சேர்ந்தது என்றே தெரியாது.

அதைவிடப் பெரிய தொல்லை, பெரியவர்களுக்குள் வரும் வழக்கு. கிளப் ரூமில் மாட்டியிருக்கும் கோப்பை போட்டோவைக் காட்டிக் கேட்டோம். பழைய கேப்டன் யோசிக்கவே இல்லை. "எண்பத்தி மூணு தம்பி. கபில்தேவ் வேர்ல்டு கப் வாங்குன சூட்டுல ஆடுனோம்" என்றார். பக்கத்தில் இருந்த ஸ்கோரர் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லண்ணே, எண்பத்தி நாலு. வேன்ல வரும்போது ரோடு முழுக்கக் களம் போட்டு அறுப்பு அடிச்சுக்கிட்டு இருந்தாங்க." இரண்டு பேரும் மலருக்குப் பணம் கொடுத்தவர்கள், இரண்டு பேரும் அந்த டீமில் இருந்தவர்கள்.

ஃபைனலுக்கு அடித்த நோட்டீஸ் டின்னில் கிடைத்தது. அதில் 12-2, ஞாயிறு என்று தேதியும் கிழமையும் உண்டு, வருஷம் இல்லை. அந்தக் கால நோட்டீஸ்களில் இது சாதாரணம். ஆனால் தேதியும் கிழமையும் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் காலத்துக்குள் பிப்ரவரி 12 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது 1978, 1984, 1989, 1995 என்று சில வருஷங்களில்தான். நோட்டீஸில் ஊர் 'மயிலாடுதுறை' என்று அச்சாகியிருந்தது. மாயூரம் என்ற பெயர் அரசு முறைப்படி மாறியது 1982-ல். அதனால் 1978 பெரும்பாலும் அடிபடுகிறது. தேவாரக் காலத்திலிருந்தே மயிலாடுதுறை என்ற பெயர் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் லீக்கில் சேர்வதற்கே முந்தைய வருஷம் அது. முகவரியில் 'தஞ்சாவூர் மாவட்டம்' என்றிருந்தது. மயிலாடுதுறை நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது 1991 அக்டோபரில், ஆகவே 1995-ம் இல்லை. மிச்சம் இருந்தவை 1984, 1989. அந்த ஃபைனலில் எங்களுக்கு ஓப்பனிங் இறங்கியவர் துபாய்க்குப் போனபோது வழியனுப்பு விழா நடத்த நிறைவேற்றிய தீர்மானம் மினிட்ஸ் நோட்டில் 1987 தேதியில் இருக்கிறது. ஆக ஃபைனல் 12-2-1984.

அப்படியானால் கேப்டன் தவறா? இல்லை. முதல் சுற்று ஸ்கோர் ஷீட் 1983 ஜூலை கடைசியில் இருந்தது. லார்ட்ஸில் இந்தியா ஜெயித்தது ஜூன் 25. அவர் சொன்ன சூடு உண்மை, இவர் பார்த்த அறுவடையும் உண்மை. கோப்பை 1983-84 சீசனுக்கு உரியது. அந்த இடத்தில்தான் நான் சீசன் கட்சிக்கு மாறினேன்.

கிழமைக் கணக்குக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. பிரஸ்காரர் கிழமையைத் தவறாகக் கோத்திருந்தால் எல்லாமே சரிந்துவிடும். அதனால் ஒரு நோட்டீஸில் ஒரு கிழமையை மட்டும் நம்பக் கூடாது. எங்களுக்கு ஸ்கோர் நோட்டிலும் அதே ஞாயிறு எழுதியிருந்தது. நோட்டீஸில் தமிழ் வருஷத்தின் பெயர் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். 'ருத்ரோத்காரி' என்று ஒரு சொல் இருந்திருந்தால் போதும், அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் திரும்பும். ஆடியும் அடுத்த தையும் ஒரே தமிழ் வருஷத்தில் வருவதால், சீசனுக்கு இயல்பான பெயரே அதுதான் என்று எனக்கு ஒரு ஆசை. ஆனால் இன்றைய பையன்களுக்கு அந்தப் பெயர்கள் பழக்கமில்லை, விட்டுவிட்டோம்.

சீசன்

சீசன் வரிசையில் கோப்பை உடையாது, லீக் உடையாது, யார் எந்த டிவிஷனில் ஆடினோம் என்பதும் தெளிவாக இருக்கும். குறை என்னவென்றால், 46 சீசனை வரிசையாகப் போட்டால் பட்டியல் மாதிரி வறண்டு போகிறது. நல்ல சீசனுக்கும் எதுவுமே நடக்காத சீசனுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கத் தோன்றும். அதற்கு நாங்கள் வைத்த விதி: சாதாரண சீசனுக்கு ஒரு வரி, சொல்ல ஆட்டம் இருக்கும் சீசனுக்கு ஐந்தாறு வரி.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பதிவுகளை Excel-ல் ஏற்றி வரிசைப்படுத்தினோம். `1983-84` என்று அடித்தால் அப்படியே நிற்கும். `2009-10` என்று அடித்தால் அதை 2009 அக்டோபர் என்று எடுத்துக்கொண்டு `Oct-09` என்று மாற்றிவிடும். 2000-01 முதல் 2011-12 வரை பன்னிரண்டு சீசனும் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் கடைசி இரண்டு எண்ணும் மாதம் மாதிரி இருக்கின்றன. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை `Text` என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் ஏதோ ஐந்திலக்க எண் வந்து நிற்கும், திரும்ப அடிக்க வேண்டியதுதான். எங்கள் முதல் புரூஃபில் அந்தப் பன்னிரண்டு சீசனும் 1979-80-க்கும் முன்னால் போய்க் குவிந்திருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

ஆடுகளம்

படிக்கச் சுகமாக இருந்தது இதுதான். பெரும்பாலான மலர்களில் 'தொடக்க காலம், பொற்காலம், சோதனைக் காலம்' என்று பிரிப்பார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. சோதனைக் காலத்தில் ஆடியவர்கள்தான் கிளப் மூடாமல் காப்பாற்றியவர்கள், அவர்கள் பேருக்கு மேல் அந்தத் தலைப்பைப் போடுவது நியாயமில்லை. அதற்குப் பதிலாகக் காலுக்குக் கீழே இருந்ததை வைத்துப் பிரித்தோம்: வயல், மேட்டிங், டர்ஃப். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை, ஆட்டம் ஏன் மாறியது என்பதும் தானாகவே விளங்கும்.

மேட்டிங் காலத்தைச் சொன்னால் புரியும். எங்கள் பக்கத்துக் களிமண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பின் விளிம்பில் பட்ட ஸ்டிச் பால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் தரையை இறுக்கி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அதன் மேல் கயிற்று மேட்டை விரித்து, சுற்றிலும் இரும்பு ஆணி அடித்து இழுத்துக் கட்டுவார்கள். இழுப்பு தளர்ந்தால் மேட் சுருங்கி மடிப்பு விழும். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் ஆணியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடுத்த டீம் இறங்கும். மேட்டில் பந்து எழும்பும், நன்றாகவே திரும்பும். எங்கள் ஸ்கோர் நோட்டுகளில் அந்தக் காலம் முழுக்க ஸ்பின்னர்கள் எடுத்த விக்கெட்டாக இருப்பதற்கும், டர்ஃப் வந்த பிறகு அதே ஆட்களின் எண்ணிக்கை இறங்கியதற்கும் காரணம் இதுதான். சீசன் பட்டியல் மட்டும் போட்டிருந்தால் அவர்களுக்கு வயதாகிவிட்டது என்றுதான் படிப்பவர் நினைத்திருப்பார்.

காலகட்டத்தின் எல்லையை மட்டும் ஞாபகத்தை வைத்துப் போடக் கூடாது. டர்ஃப் போட்டது எப்போது என்று கேட்டால் "மகாமகத்துக்கு முன்னாடி" என்றார்கள். எங்கள் பக்கத்தில் எதற்கும் அதுதான் அளவுகோல். ஆனால் 1980, 1992, 2004, 2016 என்று கிளப்பின் ஆயுளுக்குள் நான்கு மகாமகம் வந்துவிட்டது. எந்த மகாமகம் என்பதற்கு மாநிலத்தில் யார் ஆட்சி, வீட்டில் எந்தப் பிள்ளை எத்தனையாவது வகுப்பு என்று துணைக்கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் மண் அடித்த டிராக்டர் கூலி ரசீது கிடைத்து 2003 என்று உறுதியானது. சீசனுக்கு நடுவில் ஆடுகளம் மாறியிருந்தால், அந்தச் சீசன் முழுவதையும் பழைய காலகட்டத்திலேயே வைத்தோம். சீசனை வெட்டுவதில்லை என்பதை மாற்றவில்லை.

கேப்டன்கள்

இதை நீண்ட நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரே சீசனில் மூன்று பேர் கேப்டனாக இருந்த வருஷமும் உண்டு, ஒருவரே ஒன்பது வருஷம் இருந்ததும் உண்டு. கேப்டனை வைத்து வரலாற்றை எழுதினால் ஸ்கோர் எழுதியவர், மேட் சுமந்தவர் யாருக்கும் இடம் இல்லை. மலரின் கடைசியில் சீசனும் பெயரும் மட்டும் கொண்ட ஒரு பக்கப் பட்டியலாக வைத்தோம், அந்த அளவுக்கு அது மிகவும் பயன்பட்டது.

நாங்கள் அச்சிட்டது

மூன்று ஆடுகளக் காலங்கள், ஒவ்வொன்றும் அரைப் பக்கக் கதையோடு தொடங்கும், அதன் கீழ் சீசன் வரிசை. வயல் காலத்துக்கு மட்டும் தனி ஆண்டு எண், ஏன் என்று அங்கேயே இரண்டு வரி. எழுத்து ஆதாரம் உள்ள பதிவுக்கு முன்னால் கறுப்புப் புள்ளி, ஞாபகத்தை மட்டும் நம்பியதற்கு வெறும் வட்டம். ஸ்கோர் நோட்டே கிடைக்காத நான்கு சீசன்களை மறைக்கவில்லை. சீசன் எண்ணைப் போட்டு 'நோட்டு கிடைக்கவில்லை' என்று அச்சிட்டு, எதிரே வெற்றிடம் விட்டோம். மலர் வெளியான இரண்டாவது வாரம் திருவிடைமருதூரிலிருந்து ஒருவர் அதில் ஒரு சீசனின் நோட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கோப்பைப் பதிவு இப்படி அச்சானது:

● 1983-84. மயிலாடுதுறைக் கோப்பை. ஆடியில் முதல் சுற்று, தை கடைசி ஞாயிறு 12-2-1984 அன்று ஃபைனல். மேட்டிங் ஆடுகளம். கேப்டனும் ஸ்கோரரும் சொன்னபடியே.