வெறுமையாகத் திரும்பும் லொறிக்கு யார் பணம் கொடுப்பது?

மட்டக்களப்பிலிருந்து புறக்கோட்டைக்கு அரிசி ஏற்றும் பத்து தொன் லொறிக்கு இருவிதமாக விலை சொல்லலாம்: வெறுமையாகத் திரும்பும் செலவையும் சேர்த்துக் கேட்பது, அல்லது திரும்புசுமை கிடைக்கும் என்று நம்பிக் குறைத்துக் கேட்பது.

ஒரு வழி 320 கிலோமீற்றர், டீசல் லீற்றர் 300 ரூபாய் என்று கொள்வோம். சுமையோடு 80 லீற்றரும் வெறுமையாக 64 லீற்றருமாக டீசலுக்கு 43,200 ரூபாய் போகும். இரண்டு நாட்களுக்குச் சாரதிக்கும் கிளீனருக்கும் 12,000, தவணைக்கும் காப்புறுதிக்கும் 12,000, டயர் தேய்மானத்துக்கும் ஒயிலுக்கும் 12,800 சேர்ந்தால் 80,000 ஆகும். அதிவேக வீதியில் ஏறாவிட்டால் சுங்கக் கட்டணம் இல்லை.

முதல் முறையில் 90,000 கேட்டால் 10,000 நிச்சயமாக மிஞ்சும்.

இரண்டாம் முறையில் 65,000 கேட்டு, 35,000 ரூபாய்த் திரும்புசுமையை எதிர்பார்க்கிறோம். அதில் தரகருக்கு 3,500, மேலதிக டீசலுக்கு 4,800 கழியும். அன்றே சுமை கிடைத்தால் இலாபம் 11,700. அதாவது, இத்தனை துணிச்சலுக்கும் கூடுதலாக வருவது 1,700 மட்டுமே. ஒரு நாள் காத்திருந்தால், தரிப்பிடத்தில் லொறி அசையாமல் நின்றாலும் ஆட்கூலியும் தவணையும் 12,000 ஏறுவதால், 300 நட்டமாகும். காத்திருந்தும் சுமை கிடைக்காமல் வெறுமையாகத் திரும்பினால் நட்டம் 27,000.

ஆகவே, புறப்படுமுன்பே திரும்புசுமைக்காரர் ஏற்றும் நேரத்தை உறுதிசெய்து முற்பணமும் அனுப்பியிருந்தால் மட்டுமே நான் விலையைக் குறைப்பேன். “வாங்க, பார்ப்போம்” என்ற தரகரின் வாக்கை 35,000 ரூபாயாகக் கணக்கில் எழுத முடியாது.