ப்ரீசரில் இட்லி மாவு: மூன்று வருடத்தில் நான் கண்டது

வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். கிரைண்டர் போட மாதத்தில் ஒரு ஞாயிறு கிடைத்தாலே பெரிது. அதனால் 8 டம்ளர் இட்லி அரிசிக்கு 2 டம்ளர் உளுந்து என்று ஒரே தடவையில் அரைத்து, கொஞ்சத்தை ஃபிரிட்ஜிலும் மீதியை ப்ரீசரிலும் வைக்கிறேன். மூன்று வருடமாக இதுதான் வழக்கம்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ராத்திரி முழுக்க நன்றாகப் பொங்கிய மாவை அப்படியே டப்பாவில் அடைத்து உறைய வைத்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது மேலே தெளிந்த தண்ணீர் நின்றது, அடியில் அரிசி நொய் இறங்கியிருந்தது. கலந்து ஊற்றினால் இட்லி தட்டையாக, அழுத்தினால் பழைய நிலைக்கு வராமல் இருந்தது. அம்மாவிடம் சொன்னபோது, “உளுந்து மாவு நிக்கிறதே உள்ள இருக்கிற காத்துலதான்மா. அதை ஐஸ் ஆக்கினா எப்படி நிக்கும்?” என்றார். காரணம் அதுவேதான். அரைத்த உளுந்தின் கொழகொழப்பும் புரதமும் சேர்ந்து, புளிக்கும்போது வரும் வாயுவைச் சின்னச் சின்னக் குமிழிகளாகப் பிடித்து வைக்கின்றன. உறையும்போது மாவிலுள்ள தண்ணீர் பனித்துகளாகி அந்த மெல்லிய சவ்வைக் கிழித்துவிடுகிறது. இளகியதும் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே வந்து உடைந்துபோகின்றன. மாவு ஏற்கெனவே புளித்து முடிந்ததால் மறுபடி பொங்கவும் அதில் பெரிதாகத் தெம்பு இருக்காது. அந்த மாவில் தோசை மட்டும் நன்றாக முறுகலாக வந்தது, தோசைக்கு அவ்வளவு காற்று தேவையில்லை.

அடுத்து நேரெதிராகச் செய்தேன். அரைத்த உடனே, புளிக்க விடாமல் உறைய வைத்தேன். மூன்று வாரம் கழித்து இளக்கி வெளியே வைத்தால், வழக்கமாக எட்டு மணி நேரத்தில் பொங்க வேண்டியது பதினான்கு மணி நேரம் எடுத்தது. உயரமும் குறைவுதான். குளிரில் நுண்ணுயிர்கள் எல்லாம் சாவதில்லை, ஆனால் ஒரு பங்கு போய்விடுகிறது. மீதி விழித்துப் பெருக நேரம் வேண்டும். கைவசம் புதிய புளித்த மாவு இருந்தால் ஒரு கரண்டி எடுத்து இதில் கலந்துவிடுங்கள், வித்தியாசம் தெரியும்.

இப்போது நான் செய்வது இரண்டுக்கும் நடுவே. அரைத்து உப்புப் போட்டுக் கலக்கி, சென்னை வெயில் காலத்தில் மூன்று மணி நேரம், மார்கழியில் ஐந்தாறு மணி நேரம் வெளியே வைக்கிறேன். ஓரங்களில் சின்னக் குமிழி தெரிந்து, மாவு ஒரு விரல் அளவு ஏறியதும் உறைய வைத்துவிடுவேன். வயிறு பெருத்த டப்பாவை விட்டுவிட்டு, தட்டையான டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் ஊற்றுகிறேன். மாவு சீக்கிரம் உறைந்தால் பனித்துகள் சிறிதாக இருக்கும், சேதமும் குறையும். ஒரு டப்பா ஒரு வேளைக்கு. இளகியதை மறுபடி உறைய வைப்பதில்லை. ஒருமுறை நீண்ட நேரம் கரண்ட் போய், பாதி இளகி மறுபடி உறைந்த டப்பாக்கள் எல்லாமே தண்ணீராகவும் புளிப்பாகவும் ஆகிவிட்டன.

இளக்குவதில்தான் அதிகம் கெடுகிறது. நேரே வெளியே வைத்தால் ஓரம் வெதுவெதுப்பாகிப் புளிக்க ஆரம்பித்த பிறகும் நடுவில் ஐஸ் கட்டி கிடக்கும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் வெந்து கட்டி தட்டும். முதல் நாள் காலையில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுகிறேன். ராத்திரி படுக்கும் முன் வெளியே எடுத்து, அடியிலிருந்து கையால் இரண்டே தடவை புரட்டி, பெரிய பாத்திரத்துக்கு மாற்றினால் காலையில் பொங்கியிருக்கும். அதன் பிறகு கலக்கக் கூடாது. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். மிதந்தால் இட்லி, மூழ்கினால் ஊத்தப்பம்.

புதுமாவு இட்லிக்கு இது சமமா என்றால், இல்லை. முதல் இரண்டு மூன்று வாரம் வரை கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்குமேல் உயரம் குறைகிறது. ஐந்து வாரம் தாண்டிய டப்பாவை நான் இட்லிக்கு எடுப்பதே இல்லை, வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துப் பணியாரமாக்கிவிடுகிறேன்.

குழம்பு வகைக்கு இவ்வளவு பாடு இல்லை. வத்தக்குழம்பு அப்படியே திரும்பி வருகிறது. சாம்பாரில் உருளைக்கிழங்கு மட்டும் வேண்டாம், இளகியதும் பஞ்சு போல ஆகித் தண்ணீர் கக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய குருமா திரிந்தது போல் பிரியும், அதனால் பால் சேர்க்காத மசாலாவை உறைய வைத்து, சூடாக்கும்போது பாலை ஊற்றுகிறேன்.