ஒரே ஏசிக்கு இரண்டு விலைமனுக் கடிதங்கள்

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு 18,000 பிடியூ இன்வேர்ட்டர் ஏசி ஆறு வாங்க வேண்டியிருந்தது. முதலில் நான் அனுப்பியது வழக்கமான நான்கு வரிக் கடிதம்: "உங்கள் சிறந்த விலையைத் தெரிவிக்கவும்." எழுத ஐந்து நிமிடம். வந்த பதில்களைப் படித்துப் பொருத்திப் பார்க்க இரண்டு நாள்.

ஒருவர் ஒன்றுக்கு 3,00,000 ரூபாய் என்றார். அதில் வற் வரியும் பொருத்துக் கூலியும் 10 அடி செப்புக் குழாயும் அடக்கம். இன்னொருவர் 2,50,000 என்றார். ஐம்பதாயிரம் மிச்சம் என்று கணக்காளர் மகிழ்ந்துபோனார். ஆனால் எங்கள் சுவரிலிருந்து வெளி அலகு வரை 25 அடி. முதலாமவருக்கு மீதி 15 அடி, அடிக்கு 2,000 வீதம் வரியோடு 30,000, மொத்தம் 3,30,000. இரண்டாமவருக்கோ பொருத்துக் கூலி 20,000, 25 அடிக் குழாய் 50,000, எல்லாவற்றின் மீதும் 18 வீத வற். ஆக 3,77,600. மலிவானவர் 47,600 ரூபாய் கூடுதலாக நின்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்காததை அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது முறை, வழங்குநர் நிரப்ப வேண்டிய அட்டவணையை நானே தயாரித்து அனுப்பினேன். இயந்திரம், பொருத்துக் கூலி, 25 அடிக் குழாய், மேலதிக ஒவ்வோர் அடிக்கும் விலை, வற் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எல்லா விலையும் வரிக்கு முன். வரி கடைசியில் தனியாக. கீழே முற்பண வீதம், கொம்பிரசருக்கும் மற்றப் பாகங்களுக்கும் தனித்தனியாக உத்தரவாத ஆண்டுகள், விலை செல்லுபடியாகும் நாட்கள். டொலர் ஏறினால் ஏழு நாள் விலையையும் முப்பது நாள் விலையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதால் முப்பது நாள் என்று நானே எழுதிவிட்டேன்.

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டிய இடம் வெற்றுக் கட்டம். ஒருவர் பொருத்துக் கூலி வரியை விட்டுவைத்தால் அது இலவசமா, மறதியா, பின்னால் வரும் பில்லா? "தொகை எழுதவும், விலையில் அடங்கியிருந்தால் 'அடக்கம்' என எழுதவும், வெற்றுக் கட்டத்தை அடக்கம் என்றே கொள்வோம்" என்ற ஒரு வாக்கியம் அந்தச் சண்டையை முன்பே முடித்துவிடுகிறது.

நான்கு வரிக் கடிதத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. எந்த அளவு ஏசி தேவை என்றே தெரியாதபோது, வழங்குநரின் யோசனையைக் கேட்க அதுதான் வழி. அட்டவணையில் 25 அடி என்று நான் தவறாக அளந்திருந்தால் எல்லோரும் ஒரே தவறுக்குத்தான் விலை சொல்லியிருப்பார்கள். அதனால் இப்போது இடத்தைப் பார்க்க ஒரு நாள் குறித்து, எல்லோரையும் அன்றே வரச் சொல்கிறேன். வேறு மாதிரியைப் பரிந்துரைக்க விரும்புவோருக்குத் தனித்தாள் தருகிறேன். ஆனால் கேட்ட மாதிரிக்கான அட்டவணையை நிரப்பிய பிறகுதான்.