எழுதிய செய்தியைக் குரல் செய்தியாக்குதல்: அப்படியே வாசிப்பதா, பேச்சு வழக்கில் மாற்றி எழுதுவதா, குறிப்பை வைத்துப் பேசுவதா?

எங்கள் குழுவின் அறிவிப்புகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்த நான், உறுப்பினர் சிலருக்குச் சிறிய எழுத்தைப் படிப்பது சிரமமாகிவிட்டது என்று தெரிந்தபின், ஒவ்வோர் அறிவிப்பையும் குரல் செய்தியாகவும் அனுப்பத் தொடங்கினேன். முதலில் எழுதியதை அப்படியே வாசித்தேன். பிறகு பேச்சு வழக்குக்கு மாற்றி எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். இப்போது சில சொற்களை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு பேசுகிறேன். மூன்றையும் மாதக்கணக்கில் செய்து பார்த்தபின் மூன்றாவதில் நிலைத்துவிட்டவன் என்பதால், இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

மூன்று முறைகளையும் ஒரே செய்தியில் வைத்துப் பார்ப்போம். நான் எழுதிய அறிவிப்பு இது: “வரும் 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 10.30 மணிக்கு நடைபெறவிருந்த பயிற்சி வகுப்பு, பயிற்றுநரின் உடல்நலக் குறைவு காரணமாக ஒத்திவைக்கப்பட்டு, 16ஆம் தேதி வியாழக்கிழமை மாலை 4.15 மணிக்கு நடைபெறும் என்பதால், ஏற்கெனவே பெயர் பதிவு செய்தவர்களுள் மாற்றப்பட்ட நேரத்தில் கலந்துகொள்ள இயலாதோர் 15ஆம் தேதிக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” கண்ணால் படிப்பதற்கு இதில் பெரிய குறை இல்லை.

இதை அப்படியே வாசிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. “கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று முடியும்போது நம் குரல் நமக்கே செய்தி வாசிப்பவரின் குரலாகக் கேட்கும். நம்மை அறிந்தவர்களுக்கு அது சிரிப்பாகவும் இருக்கும். சட்டப்படி சொல் மாறாமல் போய்ச்சேர வேண்டிய அறிவிப்பாக இருந்தால் மட்டும் இந்த முறைக்கு நியாயம் உண்டு. அப்போதும் எழுத்து வடிவத்தையும் கூடவே அனுப்புவது நல்லது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவு அதிகம் என்பதால், பேச்சு வழக்கில் மாற்றி எழுதுவது என்றவுடன் சொற்களையும் விகுதிகளையும் மாற்றுவதுதான் வேலை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. “நடைபெறும்” என்பதை “நடக்கும்” என்றும், “மாலை” என்பதைச் “சாயங்காலம்” என்றும், “தெரிவிக்குமாறு” என்பதைச் “சொல்லும்படி” என்றும் வரிசையாக மாற்றிக்கொண்டே போகலாம். நானும் அப்படித்தான் செய்தேன். கிடைத்தது இது: “வர்ற பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை காலைல பத்தரைக்கு நடக்க இருந்த பயிற்சி வகுப்பை, சொல்லிக்குடுக்கறவருக்கு உடம்பு சரியில்லாததால தள்ளி வெச்சு, பதினாறாம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் நாலேகாலுக்கு நடத்தப்போறதால, ஏற்கெனவே பேரு குடுத்தவங்கள்ல அந்த நேரத்துக்கு வர முடியாதவங்க பதினஞ்சாம் தேதிக்குள்ள சொல்லும்படி கேட்டுக்கறோம்.”

இதில் ஒவ்வொரு சொல்லும் பேச்சுச் சொல்தான். ஆனால் வாயால் இப்படிப் பேசுகிற மனிதர் யாரும் இல்லை. அனுப்பிய அன்றே சிலர் “வகுப்பு எத்தனை மணிக்கு?” என்று திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்து நின்றார்.

குறிப்பை வைத்துப் பேசும் முறைக்கு நான் வரக் காரணமாக இருந்தது இதுதான்: சொல்லும் விகுதியும் மாறினவே தவிர வாக்கியத்தின் கூடு மாறவில்லை. எழுத்துத் தமிழில் ஒரு பெயருக்கு முன்னால் எவ்வளவு நீளமான பெயரெச்சத் தொடரையும் அடுக்கலாம்; வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போய் முற்றுவினையைக் கடைசியில் வைக்கலாம். படிப்பவர் தேவையானால் மேலே போய் மீண்டும் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அது அவ்வளவு எளிதில்லை. வினை வரும்வரை எல்லாவற்றையும் அவர் கையில் ஏந்திக்கொண்டே காத்திருக்க வேண்டும். மேலே உள்ள வாக்கியத்தில் அவர் முதலில் வாங்கி வைத்துக்கொள்வது எது? ரத்தான தேதியும் ரத்தான நேரமும்தான். “நடக்க இருந்த” என்ற இரண்டு சொல் காதில் நழுவினால், செவ்வாய் காலை பத்தரை என்பது மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. வந்து நின்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறிப்பை வைத்துப் பேசும்போது இந்தக் கூடு தானாகவே உடைந்துவிடுகிறது; ஏனென்றால் இவ்வளவு நீளமான எச்சத் தொடரை முன்கூட்டியே கட்டி நிறுத்த வாயால் முடியாது. அதே அறிவிப்புக்குத் தாளில் நான் குறித்தது மூன்று வரிகள். முதல் வரி: வியாழன், 16, நாலேகால். இரண்டாவது: செவ்வாய் யாரும் வர வேணாம், உடம்பு. மூன்றாவது: முடியாதவர்கள், புதனுக்குள். பழைய நேரமான பத்தரையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நடக்காத ஒன்றின் மணிக்கணக்கு யாருக்கும் பயன்படாது. அதை வைத்துக்கொண்டு பேசியது இப்படி வந்தது:

“எல்லாருக்கும் வணக்கம். பயிற்சி வகுப்பைத் தள்ளி வெச்சிருக்கோம். வியாழக்கிழமைதான் நடக்கும், பதினாறாம் தேதி. சாயங்காலம் நாலேகாலுக்கு, நாலு பதினஞ்சு. செவ்வாய்க்கிழமை யாரும் வர வேணாம். வகுப்பு எடுக்கறவருக்கு உடம்பு சரியில்ல, அதனாலதான். பேரு குடுத்தவங்க யாருக்காவது வியாழக்கிழமை தோதுப்படலைன்னா, புதன்கிழமைக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

இதில் கவனிக்க வேண்டியது, வினை முன்னால் வந்துவிட்டு விவரம் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வது. “வியாழக்கிழமைதான் நடக்கும், பதினாறாம் தேதி” என்பதை எழுத்தில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். பேச்சில் அது மிக இயல்பான அமைப்பு. “உடம்பு சரியில்ல, அதனாலதான்” என்பதும் அப்படித்தான். எழுத்தில் காரணம் முன்னால் வந்து செய்தியைத் தாமதப்படுத்துகிறது. பேச்சிலோ செய்தி முடிந்தபின் காரணம் வால் போல வருகிறது. மாற்றி எழுதும்போது இந்த வாலைக் கையால் எழுத எனக்குத் தோன்றியதே இல்லை. பேனாவைப் பிடித்தவுடன் பள்ளிக்கூடத்தில் கற்ற வாக்கிய வரிசை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மாற்றி எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சுச் சொற்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை. “வர்றாங்க” என்று எழுதுவதா, “வராங்க” என்று எழுதுவதா என்று எழுதும்போது யோசிக்கிறோம். பிறகு படிக்கும்போது அந்த வடிவத்தில் கண் தடுக்குகிறது. பழகிய எழுத்துத் தமிழைக் கண் ஓட்டமாகப் படிக்கும். “நடத்தப்போறதால” என்பதை எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். அந்தத் தயக்கம் ஒலிப்பதிவில் அப்படியே கேட்கும்.

குறிப்பு முறையிலும் குறைகள் இருக்கின்றன. எனக்கு அவை நன்றாகவே தெரியும். பேச ஆரம்பிக்கும்போது “அது வந்து”, “அதாவது என்னன்னா” என்று இழுப்போம். முடிக்கத் தெரியாமல், சொன்னதையே மூன்றாம் முறையும் சொல்வோம். இதற்கு நான் கண்ட வழி, முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் முழுதாக எழுதி வைத்துக்கொள்வது. நடுவில் உள்ளதைப் பேச்சு பார்த்துக்கொள்ளும். கடைசி வாக்கியம் எழுத்தில் இருந்தால், அது வந்ததும் விரலை எடுத்துவிடத் துணிவு வருகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து எண்களில் இருக்கிறது. “நாலேகால்” என்பதற்கும் “நாலேமுக்கால்” என்பதற்கும் இடையே ஓர் அசைதான் வேறுபாடு; அது அரை மணி நேரத்தைக் கொண்டுபோய்விடும். பின்னால் வண்டிச் சத்தம் இருந்தாலோ, கேட்பவர் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாலோ அந்த அசை காணாமற்போகும். ஆகவே நேரத்தை இரண்டு விதமாகச் சொல்கிறேன்: நாலேகால், நாலு பதினஞ்சு. தேதியோடு கிழமையையும் சேர்த்தே சொல்கிறேன். பதினாறா பதினேழா என்ற சந்தேகத்தை வியாழன் தீர்த்துவிடும்.

வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். “வர வேணும்”, “வர வேணாம்” இரண்டையும் பிரிப்பது ஓர் உயிரொலிதான். பேசும்போது வாக்கிய முடிவில் குரலைத் தாழ்த்துவது பலருக்கும் பழக்கம். தமிழிலோ எதிர்மறை பெரும்பாலும் வினையோடு சேர்ந்து கடைசியில்தான் வந்து நிற்கிறது. அதனால்தான் “செவ்வாய்க்கிழமை வர வேணாம்” என்று மட்டும் சொல்லாமல் “யாரும் வர வேணாம்” என்றேன். “யாரும்” என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே, வரப்போவது எதிர்மறை என்று கேட்பவர் ஆயத்தமாகிவிடுகிறார். இதைப் பேச்சின் போக்குக்கு விடாமல் குறிப்பிலேயே எழுதி வைப்பேன்.

பதிவு நன்றாக வந்திருக்கிறதா என்று சோதிக்க நான் செய்வது: தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பதிவை ஒரே ஒரு முறை கேட்டு, கிழமை, தேதி, நேரம், செய்ய வேண்டியது ஆகிய நான்கையும் வேறொரு தாளில் எழுதிப் பார்ப்பது. எனக்கே ஏதாவது ஒன்று விட்டுப்போனால் மீண்டும் பதிவு செய்கிறேன். அரை நிமிடப் பேச்சுக்கு மூன்று முறை பதிவு செய்த நாட்களும் உண்டு. நேரக் கணக்கில் மட்டும் பார்த்தால், மாற்றி எழுதி வாசிப்பதைவிட இது எப்போதும் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

மாற்றி எழுதும் முறையை நான் முழுதாகக் கைவிட்டுவிடவில்லை. என் அறிவிப்பை வேறொருவர் தம் குரலில் பதிவு செய்ய நேரும்போது மூன்று வரிக் குறிப்பு அவருக்குப் போதாது. அப்போது குறிப்பை வைத்து நானே ஒரு முறை பேசிப் பதிவு செய்து, அதைக் கேட்டபடியே எழுதிக் கொடுக்கிறேன். எழுத்திலிருந்து பேச்சுக்கு மாற்றாமல் பேச்சிலிருந்து எழுத்துக்கு வருவதால் வால் வாக்கியங்கள் கலையாமல் இருக்கின்றன. “தோதுப்படலைன்னா” அவர் வாய்க்கு வராவிட்டால் “முடியலைன்னா” என்று மாற்றிக்கொள்ளச் சொல்வேன். வாக்கிய வரிசையை மட்டும் தொடாதீர்கள் என்பேன்.

இரங்கல் போன்ற செய்திகளில் எனக்கு அனுபவம் குறைவு. அனுப்பியவை இரண்டே இரண்டுதான். இரண்டிலும் குறிப்பு இல்லாமல்தான் பேசினேன். ஒன்றில் பாதியில் பேச்சு நின்று, சில நொடி மௌனம் அப்படியே பதிவாகிவிட்டது. அதை அழித்துவிட்டு மீண்டும் பேசியிருக்க வேண்டுமா என்பதில் இன்றும் எனக்குத் தெளிவில்லை; அன்று அழிக்கத் தோன்றவில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன்.