லேபிளில் ‘pH 7.0’ என்று மட்டும் போட்டு வரும் பஃபரை நம்பி வாங்காதீர்கள்

என்சைம் அளவீடு செய்யும் ஆய்வகங்களுக்கும், கல்லூரி உயிர்வேதியியல் துறைகளுக்கும் இந்தப் பதிவு. ரெடிமேட் பஃபர் வாங்குவோர் ஆர்டர் போடுமுன் படித்துவிடுங்கள்.

எஸ்டரேஸ் அளவீட்டுக்கு pH 7.0 பஃபர் வேண்டும் என்று ஒரு விற்பனையாளரிடம் எங்கள் ஆய்வகம் கேட்டிருந்தது. விலைப்பட்டியலில் ‘உயிரியல் பஃபர், pH 7.0’ என்று இருந்தது. வந்த பாட்டிலில் ‘டிரிஸ், pH 7.0’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. எத்தனை மில்லிமோலார் என்றோ எந்த வெப்பநிலையில் pH சரிசெய்தார்கள் என்றோ ஒரு வரியும் இல்லை. கூடவே வந்த தரச் சான்றிதழிலும் pH மட்டும்தான். மீட்டரில் வைத்தால் 7.00 என்றே காட்டியது. ஆனால் அளவீட்டை ஓட்டினால் நிறம் எழும் வேகம் முதல் சில நிமிடங்களிலேயே சரிந்தது. கேட்டதற்குப் பிறகுதான் அது 10 மில்லிமோலார் என்று சொன்னார்கள். திருப்பி எடுக்கச் சொன்னால், “நீங்க கேட்டது pH 7.0, நாங்க கொடுத்ததும் pH 7.0. இதுல என்ன குறை?” என்று பதில்.

குறை என்னவென்று சொல்கிறோம். ஒரு கரைசலின் pH இப்போது எங்கே நிற்கிறது என்பதைத்தான் மீட்டர் காட்டும். அமிலம் சேரும்போது அது அங்கேயே நிற்குமா என்பதை மீட்டர் காட்டாது. பஃபருக்குக் காசு கொடுப்பதே அந்த இரண்டாவது விஷயத்துக்காக. அதைத் தீர்மானிப்பவை இரண்டு: பஃபரின் pKa நமக்கு வேண்டிய pH-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, கரைசலில் பஃபர் எவ்வளவு இருக்கிறது. அந்த பாட்டிலில் இரண்டும் சரியில்லை.

கணக்கு எளிது:

```
pH = pKa + log10([கார வடிவம்] / [அமில வடிவம்])
```

25 டிகிரியில் டிரிஸ்ஸின் pKa சுமார் 8.06. pH 7.0-இல் வைத்தால் அதில் 8 சதவீதம்தான் கார வடிவம், மீதி 92 சதவீதம் அமில வடிவம். எஸ்டரேஸ் வினையில் எஸ்டர் உடைந்து அமிலம் வெளிவருகிறது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியது கார வடிவம்தான். 10 மில்லிமோலார் டிரிஸ்ஸில் அது வெறும் 0.8 மில்லிமோலார். லேபிளில் 10 என்று போட்டிருந்தால்கூட, நம் வினைக்குப் பயன்படும் பங்கு அந்த 0.8 மட்டுமே.

இதைச் சோதித்துப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பஃபரில் 100 மி.லி. எடுத்து, காந்தக் கலக்கியில் வைத்து, மீட்டர் எலக்ட்ரோடை உள்ளே விடுங்கள். மைக்ரோபிபெட்டில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். இது கரைசலில் 0.5 மில்லிமோலார் அமிலம் சேர்ப்பதற்குச் சமம். 10 மில்லிமோலார் டிரிஸ்ஸில் கார வடிவம் 0.8-இலிருந்து 0.3 ஆகும், pH 6.55-க்கு இறங்கும். இன்னொரு 50 மைக்ரோலிட்டர் விட்டால் கார வடிவம் தீர்ந்து, pH 3.7 பக்கம் போய் விழும். இதே சோதனையை pH 7.0-இல் வைத்த 50 மில்லிமோலார் மாப்ஸ் பஃபரில் செய்தால், முதல் 50-க்கு 6.98, அடுத்த 50-க்கு 6.96. மாப்ஸின் pKa சுமார் 7.2. அதனால் pH 7.0-இல் கிட்டத்தட்ட 39 சதவீதம் கார வடிவமாகவே இருக்கும். 50 மில்லிமோலாரில் 19 மில்லிமோலாருக்கு மேல் அமிலத்தைப் பிடிக்கத் தயாராக நிற்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. pKa பொருத்தம் மட்டும் இருந்துவிட்டால் போதாது. அதே மாப்ஸை 10 மில்லிமோலாராக எடுத்தால், 50 மைக்ரோலிட்டர் அமிலத்துக்கு pH 6.91 வரை இறங்கும். பொருத்தமில்லாத டிரிஸ்ஸையே 50 மில்லிமோலாராக எடுத்தால் 6.94-இல் நிற்கும். அதாவது, பொருத்தமான பஃபரை நீர்க்கக் கொடுத்தால், பொருத்தமில்லாத பஃபரை அடர்த்தியாகக் கொடுத்ததைவிட அது மோசம். எனவே “நாங்க சரியான பஃபர்தான் போட்டிருக்கோம்” என்று விற்பனையாளர் சொன்னால், அடுத்த கேள்வி செறிவைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

‘pKa-வுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று’ என்ற விதி எல்லைக்கோட்டைத்தான் சொல்கிறது. அந்தக் கோடு வரை எல்லா இடமும் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. pH-உம் pKa-வும் ஒன்றாக இருக்கும் இடத்தில் பஃபரின் தாங்கும் திறன் உச்சத்தில் இருக்கும். ஒரு அலகு விலகினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு அலகு விலகினால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. டிரிஸ் pH 7.0-இல் அந்தக் கோட்டையும் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. போதாததற்கு, அதன் தாங்கும் திறன் இரு பக்கமும் ஒன்றாக இல்லை. அமில வடிவம் 9.2 மில்லிமோலார் இருப்பதால் காரம் சேர்ந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். விற்பவர் ஒரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுக் காட்டி “பாருங்க, அசையவே இல்ல” என்றால் ஏமாந்துவிடாதீர்கள். உங்கள் வினை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் சோதிக்கச் சொல்லுங்கள்.

அளவீட்டில் இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இங்கேதான் பலரும் தங்கள் என்சைமைச் சந்தேகப்பட்டு நல்ல மாதிரியைக் கொட்டிவிடுகிறார்கள். பாரா-நைட்ரோஃபினைல் அசிடேட் வைத்துச் செய்யும் அளவீட்டில், வெளிவரும் பாரா-நைட்ரோஃபீனாலின் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் படிக்கிறோம். அந்த மஞ்சள் அதன் அயனி வடிவத்துக்கு மட்டுமே உரியது. நைட்ரோஃபீனாலின் pKa சுமார் 7.15. எனவே pH 7.0-இல் 41 சதவீதம் மஞ்சளாக இருக்கும், 6.55-இல் 20 சதவீதம்தான். என்சைம் அதே அளவு பொருளை உருவாக்கியிருந்தாலும் ஸ்பெக்ட்ரோமீட்டர் பாதியைத்தான் காட்டும். வளைவு தட்டையாவதைப் பார்த்து ‘என்சைம் செத்துப்போச்சு’ என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

பிரித்துப் பார்க்க இரண்டு வழி. ஓட்டம் முடிந்ததும் குவெட்டில் இருப்பதை மைக்ரோ எலக்ட்ரோடில் அளந்து, தொடக்க pH-உடன் ஒப்பிடுங்கள். மைக்ரோ எலக்ட்ரோடு இல்லையென்றால் அதே வினையை 20 மி.லி. பீக்கரில் ஓட்டிப் பாருங்கள். அல்லது அளவீட்டை 348 நானோமீட்டருக்கு மாற்றுங்கள். அங்கே நைட்ரோஃபீனாலின் இரு வடிவங்களும் ஒரே அளவு ஒளியை உறிஞ்சும், pH மாறினாலும் அளவு மாறாது. 405-இல் வளைந்த கோடு 348-இல் நேராக வந்தால் உங்கள் என்சைம் நலம், பஃபர்தான் கைவிட்டது. pH இறங்கியதால் என்சைமின் வேகமே குறைந்திருந்தால் 348-இலும் வளைவு தெரியும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வெப்பநிலை இல்லாத லேபிளையும் விடக்கூடாது. டிரிஸ்ஸின் pKa ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் 0.028 குறையும். 25 டிகிரியில் 7.0 வைத்த பாட்டிலை 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்தால் வினை தொடங்குமுன்பே pH 6.66. குளிர்பெட்டியில் 4 டிகிரியில் 7.6 பக்கம். மாப்ஸில் இந்த நகர்வு ஏறக்குறைய பாதிதான், ஆனாலும் இருக்கிறது.

விற்பவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்பதற்கு எடையைப் பார்த்தால் போதும். ஒரு லிட்டர் 10 மில்லிமோலார் டிரிஸ்ஸுக்கு 1.21 கிராம் போதும். ஒரு லிட்டர் 50 மில்லிமோலார் மாப்ஸுக்கு 10.46 கிராம் வேண்டும், கிராமுக்கு விலையும் அதிகம். நமக்கு விற்றது பெரும்பாலும் தண்ணீர்.

ஆய்வகத்திலேயே செய்வது கடினமில்லை. மாப்ஸ் அமில வடிவப் பொடி 10.46 கிராம், சுமார் 800 மி.லி. தண்ணீர். அளவீடு நடக்கும் வெப்பநிலைக்குக் கரைசலைக் கொண்டுவந்து, மீட்டரையும் அதே வெப்பநிலையில் சரிபார்த்து, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7.0-க்கு ஏற்றி, ஒரு லிட்டராக நிரப்புங்கள். 25 டிகிரியில் சுமார் 19 மி.லி. காரம் செலவாகும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், இலவசமான தரச் சோதனை இது. ஐந்து மி.லி.யிலேயே 7.0 வந்துவிட்டால் எடையில் தவறு, அல்லது அமிலப் பொடி என்று சொல்லி சோடியம் உப்பைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். 7.0 தாண்டிப் போய்விட்டால் அமிலம் விட்டு இழுத்து வராதீர்கள். தேவையில்லாத உப்பு சேரும். புதிதாகச் செய்துவிடுங்கள். ஆட்டோகிளேவ் வேண்டாம், மாப்ஸ் மஞ்சளாகும். 0.2 மைக்ரான் வடிகட்டி போதும்.

இதைவிட அதிக அமிலம் வெளிவரும் வினையென்றால் பைப்ஸ் நல்ல தேர்வு. அதன் pKa சுமார் 6.8 என்பதால் pH 7.0-இல் பாதிக்கு மேல் கார வடிவம். அதன் அமிலப் பொடி வெறும் தண்ணீரில் கரையாது, காரம் விட விடத்தான் கரையும். பொடி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 50 போதாமல் 100 மில்லிமோலாருக்குப் போவதானால், உங்கள் என்சைம் அந்த அயனிச் செறிவைத் தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். சில என்சைம்கள் அங்கே வேகம் குறையும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: பஃபரின் பெயர், மில்லிமோலார் அளவு, pH, அந்த pH எந்த வெப்பநிலையில், pH சரிசெய்யப் பயன்படுத்திய அமிலம் அல்லது காரம். ‘100 மி.லி.க்கு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மைக்ரோலிட்டர் சேர்த்தால் pH மாற்றம் 0.05-க்கு மேல் போகக் கூடாது, போனால் திருப்பி அனுப்பப்படும்’ என்ற வரியையும் சேருங்கள். எழுத்தில் இது இல்லாததால்தான் “கேட்டதைக் கொடுத்தோம்” என்று எங்களிடம் சொல்ல முடிந்தது.

ஏற்கெனவே இப்படிப்பட்ட டிரிஸ் பாட்டில் கையில் இருந்தால் கொட்ட வேண்டாம். லிட்டருக்கு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 4 மி.லி. அளவு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே விட்டு pH 8.0-க்கு ஏற்றி ஆட்டோகிளேவ் செய்யுங்கள். டிரிஸ்ஸின் pKa-வுக்கு அருகில் வந்துவிடும். டி.என்.ஏ.-வைக் கரைத்து வைக்க 10 மில்லிமோலார் டிரிஸ், pH 8.0 என்பது எல்லோரும் பயன்படுத்தும் அளவுதான். லேபிளைக் கிழித்துவிட்டு, செறிவும் வெப்பநிலையும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.